தோற்றவர்களைப் பற்றி மேடையில் பேசுவது

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளி ஒன்றின் மாணவியர் கபடி அணிக்கு மாலை நேரத்தில் பயிற்சி தருகிறேன். போன வருடம் மாவட்டப் போட்டியில் அரையிறுதியோடு திரும்பிவிட்டோம். பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்கும்போது ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ‘திறமையைப் பாராட்டாதே, உழைப்பைப் பாராட்டு’ என்று படித்திருந்ததால் அப்படியே பேசினேன். வென்ற தடகளப் பிள்ளைகளைச் சொல்லிவிட்டு, ‘கபடிப் பிள்ளைகள் ஜெயிக்கவில்லை, ஆனால் கடுமையாக உழைத்தார்கள்’ என்றேன். கைதட்டினார்கள். விழா முடிந்ததும் அணியில் ஒரு பெண் வந்து, ‘எங்களைப் பத்திப் பேசாமலே இருந்திருக்கலாம் சார்’ என்றாள். எங்கே தவறினேன்? அடுத்த மாதம் மறுபடி பேச வேண்டும்.

கபடிப் பயிற்சியாளர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெண் உங்களிடமே வந்து சொன்னது நல்லது. பெரும்பாலான பிள்ளைகள் சொல்வதில்லை, மறுநாள் பயிற்சிக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் இதே வரியை இதே மாதிரி மேடையில் பல முறை சொன்னவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் படித்த அந்த அறிவுரையை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் முல்லர், டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, நன்றாகச் செய்தாய் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரிடம் ‘நீ நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அப்புறம் வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்து, கடைசியாக முதலில் தந்தது போன்ற எளிய புதிர்களையே மறுபடி தந்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள், உழைத்தாய் என்று கேட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். இதை ஊன்றிக் கவனியுங்கள்: ‘உழைத்தாய்’ என்ற அந்தப் பாராட்டு ஜெயித்த உடனே சொல்லப்பட்டது. தோற்ற பிறகு ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. நம் மேடைகளில் இதைத் தலைகீழாக்கி, வென்றவனைத் திறமைசாலி என்றும் தோற்றவனை உழைப்பாளி என்றும் சொல்கிறோம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதில் ஒளிந்திருக்கும் செய்தி உடனே புரிந்துவிடும். வேறு எதுவும் சொல்ல இல்லாததால்தான் உழைப்பைச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே உழைப்பு என்ற சொல்லை வென்ற பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நூறு மீட்டரில் முதலாவதாக வந்தவளைப் பற்றி, எத்தனை நாள் காலையில் ஸ்டார்ட் பழகினாள் என்பதைச் சொல்லுங்கள். தோற்றவர்களுக்கு அவர்கள் ஆட்டத்தில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லுங்கள், அதுவும் ஸ்கோர் போர்டில் ஏறாததை.

கபடியில் இதற்குக் குறைவே இல்லை. நான் பயிற்சி தந்த மாணவியர் அணி ஒரு குறுவட்டப் போட்டியில் 22க்கு 27 என்று தோற்றது. முதல் பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் பக்கம் ஆறு பேர் அவுட், ஒரே ஒருத்திதான் உள்ளே. அவள் மாட்டினால் பிடித்ததற்கு ஒன்று, அணி முழுவதையும் அவுட் ஆக்கிய லோனாவுக்கு இரண்டு, மொத்தம் மூன்று பாயிண்ட் அந்தப் பக்கம் போய்விடும். அவள் பாடிப் போய், ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனை ஒரு காலால் தாண்டி, முப்பது விநாடியையும் கரைத்துவிட்டு யாரையும் தொடாமல் திரும்பினாள். அடுத்து அவர்கள் ரைடர் வந்தபோது, கோட்டை மிதிக்காமல், கை படாமல் நழுவினாள். மறுபடி ஒரு முறை போய் வந்தாள், மறுபடி ஒரு முறை தப்பினாள். விசில் ஊதிவிட்டார்கள். அந்த நான்கு ரைடுக்கும் ஸ்கோர் ஷீட்டில் எங்களுக்குப் பூஜ்யம். பார்த்தவர்களில் சிலர் ‘தொடாமயே வர்றா’ என்று கத்தினார்கள். இரண்டாம் பாதியிலும் ஆட்டம் அவள் ஒருத்தியோடுதான் தொடங்கியது, தன் முதல் ரைடிலேயே ஒருத்தியைத் தொட்டு, வெளியே இருந்த ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுவந்தாள்.

அந்த வருடப் பரிசளிப்பில் நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்: ‘நாம அஞ்சு பாயிண்ட்ல தோத்தோம். ஹாஃப் டைமுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இந்தப் பொண்ணு தனியா நின்னா. ஒரு பாயிண்டும் எடுக்கல, ஆனா மூணு பாயிண்ட விடல. அது எந்த ஸ்கோர் ஷீட்லயும் இருக்காது, அதான் நான் சொல்றேன்.’ அதற்கு மேல் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தோற்றதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ‘ஜெயிக்கவில்லை, ஆனால்’ என்று தொடங்கினால் கேட்பவர்கள் அந்த ‘ஆனால்’ வந்ததுமே அனுதாபத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள்.

இப்படிப் பேச வேண்டுமென்றால் இந்த விவரம் உங்களிடம் இருக்க வேண்டும், ஆட்டம் பார்க்கும் பதற்றத்தில் பயிற்சியாளருக்கு அது நினைவில் நிற்காது. அணியில் பன்னிரண்டு பேர் என்றால் ஐந்து பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியிடம் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். ஓரத்தில் கார்னரில் நின்றவள் ரைடரின் கணுக்காலைப் பிடிப்பதற்கு முன், அவளுக்கு உள்பக்கம் கவரில் நின்றவள் வழியை அடைத்து அந்த மூலைக்குத் தள்ளினாளா, யார் அது. ஆள் குறைந்த நேரத்தில் வெறுங்கையோடு ஆனால் அவுட் ஆகாமல் திரும்பியது யார். இந்த இரண்டை மட்டும் எழுதினால் போதும். பிடித்தவளின் பெயரை எல்லோரும் சொல்வார்கள், தள்ளியவளின் பெயர் அந்த நோட்டில்தான் இருக்கும். எழுதும் பிள்ளையும் அந்த ஒரு சீசனில் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வாள், இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பேரையும் சொல்ல முயலாதீர்கள். பெயர்ப் பட்டியலாகிவிடும். இரண்டு பேர் போதும், மற்றவர்களிடம் அவரவர் செய்ததை விழாவுக்கு முந்தைய நாள் மைதானத்தில் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கே சரியாக வராதவளையும் சேர்த்து ‘எல்லோரும் உழைத்தார்கள்’ என்று சொன்னால், விடிகாலையில் சைக்கிள் மிதித்து வந்தவளுக்குச் செய்கிற துரோகம் அது. நடுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், அது உண்மையாகவே இருந்தாலும். கோப்பைகளைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள், கொடுத்த பிறகு எல்லோரும் போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள், தோற்ற பிள்ளைகள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. அடுத்த மாதத்துக்கு முன் உங்களிடம் வந்து பேசிய அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அரையிறுதியில் எந்த ரைடு உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். அவள் சொல்வதை எழுதிக்கொண்டு, இதை மேடையில் சொல்லலாமா என்றும் கேளுங்கள். அம்மா அப்பா உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தோற்ற ஆட்டத்தைப் பேச வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.