சிரபுஞ்சி மழையை அசையும் வரைபடமாக்குவது: கேள்வி பதில்

செல்வி, திருச்சி: சிரபுஞ்சியில் 1861-இல் 26,461 மி.மீ. மழை என்று படித்தேன். ஆண்டு மழை வீடியோவில் அதையே உச்சப் பட்டையாக வைத்திருக்கிறேன். சரிதானே?

எண் சரி, ஆண்டு தவறு. அந்த 26,461 மி.மீ. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை பெய்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணினால் 1861-இன் மழை 22,987 மி.மீ. மற்றப் பட்டைகளெல்லாம் ஜனவரியில் தொடங்க, இது மட்டும் ஆகஸ்டில் தொடங்கினால் ஒப்பீடே கெட்டுவிடும். இடைவெளி 3,474 மி.மீ.; சென்னையில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளில் பெய்யும் மழை அது.

ஆனால் அந்தச் சாதனையை விட்டுவிடவும் வேண்டாம், தனியாகக் காட்டுங்கள். முதலில் வெறும் அச்சு மட்டும் இரண்டு நொடி நிற்கட்டும். பிறகு 1860, 1861 இரண்டின் இருபத்து நான்கு மாதப் பட்டைகளும் ஒவ்வொன்றாக எழட்டும். 1861 ஜூலையில் சற்று நிறுத்துங்கள். அந்த ஒரே மாதத்தில் 9,300 மி.மீ. அடுத்து, பன்னிரண்டு மாத அகலமுள்ள ஒரு கண்ணாடிச் சட்டத்தை 1860 ஜனவரியிலிருந்து மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். சட்டத்துக்குள் அடங்கும் மாதங்களின் கூட்டுத்தொகை மேலே மாறிக்கொண்டே வரும். இடது விளிம்பு 1860 ஆகஸ்டைத் தொடும்போது 26,461, 1861 ஜனவரியைத் தொடும்போது 22,987. விளக்கக் குரல் இல்லாமலேயே பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். கடைசியில் 1861-இன் பன்னிரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஓர் ஆண்டுப் பட்டையாகட்டும். நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் இது வேறு ஏதோ என்று நினைப்பார்கள்.

முருகேசன்: எந்த மென்பொருள் நல்லது?

உங்களுக்குக் கைவந்தது எதுவோ அது.

அன்வர், நாகூர்: அச்சின் அளவு தானாக மாறும்படி விட்டால் வேலை மிச்சமாகுமே?

வேலை மிச்சமாகும், பொய்யும் சேரும். சிரபுஞ்சியின் சராசரி ஆண்டு மழை சுமார் 11,777 மி.மீ. அச்சைத் தானாக விட்டால் முதலில் வரும் சாதாரண ஆண்டே திரையை நிறைத்துவிடும். பிறகு 1861 வந்ததும் பழைய பட்டைகள் எல்லாம் பொசுக்கென்று குட்டையாகும். மழை குறைந்துவிட்டதாகக் கண் நம்பும். வரைபடத்தின் உயரம் 800 பிக்சல், அச்சு 0 முதல் 25,000 வரை என்று பூட்டினால் சராசரி ஆண்டு 377 பிக்சல், 1861 ஏறக்குறைய 736. மாதக் காட்சியிலிருந்து ஆண்டுக் காட்சிக்குப் போகும்போது அச்சை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது அச்சு மட்டும் நகரட்டும், அது நின்ற பிறகு புதிய பட்டை எழட்டும்.

கவிதா: என் வீடியோவில் நடுவே ஓர் ஆண்டு மட்டும் கடும் வறட்சிபோலத் தெரிகிறது. உண்மையாக இருக்குமா?

முதலில் ஜூலையைப் பாருங்கள். அந்த மாதப் பதிவு விடுபட்டிருந்தால் பைதானின் பாண்டாஸ் நூலகம் ஓசைப்படாமல் மீதி மாதங்களை மட்டும் கூட்டித் தந்துவிடும். இப்படி எழுதுங்கள்:

```python
yearly = df.groupby("year")["mm"].sum(min_count=12)
ax.set_ylim(0, 25000)
```

ஒரு மாதம் குறைந்தாலும் அந்த ஆண்டு வெற்றாகிவிடும். அந்த இடத்தில் பட்டை வேண்டாம், கோடிட்ட பெட்டி ஒன்றை வையுங்கள். மாதம் மூலக் கோப்பிலேயே 0 என்று நிரப்பப்பட்டிருந்தால் இந்த வரி காப்பாற்றாது. சிரபுஞ்சியில் ஜூலை மழை 0 என்றால் அது மழையின் கதை அல்ல, பதிவேட்டின் கதை.

பாலு, சென்னை: ஜனவரியில் ஆண்டைத் தொடங்குவதே தவறு. நீரியல் ஆண்டு ஜூனில்தான் தொடங்குகிறது. எல்லா ஊருக்கும் அதுவே சரி.

சென்னைக்குச் சரி. வடகிழக்குப் பருவமழை சில சமயம் ஜனவரிக்குள் நீளும். 2021 ஜனவரியில் தமிழ்நாடே நனைந்ததே. டிசம்பர் 31-இல் வெட்டினால் ஒரே பருவம் இரண்டு பட்டைகளில் சிதறும். சிரபுஞ்சியில் ஜனவரி காய்ந்த காலம், அங்கே வெட்டினால் சேதமில்லை. ஜூனில் வெட்டினால்தான் ஏப்ரல், மே மாதங்களின் முன்மழை முந்தைய ஆண்டோடு போய்விடும்.

செல்வி: அப்படியென்றால் இரண்டு ஊர்களையும் ஒரே வீடியோவில் ஒப்பிடவே முடியாதா?

பாலு: ஜூன் வைத்தால் முடியும். முன்மழை கொஞ்சம்தானே.

அங்கே அது கொஞ்சமில்லை, ஐயா. நான் ஒப்பிட்டால் ஜனவரியே வைப்பேன், சென்னைக்கு ஒரு குறிப்பும் போடுவேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

ராஜன், தேனி: எங்கள் ஊரில் இந்த ஆண்டு மழை எப்படி இருக்கும்?

வானிலை ஆய்வு மையத்தைக் கேளுங்கள்.

மீனா: 1995 ஜூன் 16 அன்று ஒரே நாளில் 1,563 மி.மீ. அதை எங்கே சேர்ப்பது?

ஆண்டு வரைபடத்தில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனிக் காட்சி வேண்டும். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கடிகாரம் ஓடவிடாதீர்கள். நம் நாட்டில் ஒரு நாளின் மழை என்பது காலை 8.30-க்கு அளந்த முந்தைய 24 மணி நேர மழை.

சுரேஷ்: எந்த மென்பொருளில் செய்தால் அச்சு தானாகச் சரியாக வரும்?

மேலே அன்வருக்குச் சொன்னதைப் படியுங்கள். தானாக வராது.