ஒற்றைத் தலைவலிக்கு ஐஸ் ஒத்தடமா, சூட்டு ஒத்தடமா?

“தலைவலி வந்தால் ஐஸ் வைப்பதா, சூட்டு ஒத்தடமா? இருட்டறையும் பிடித்துவிடுதலும் உண்மையில் உதவுமா?”

ஒற்றைத் தலைவலிக்குக் குளிர்தான் என் தெரிவு. இது பாதித் தலை விண்விண்ணென்று தெறித்து, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல், குமட்டலோடு வரும் வலி. குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. வலிச் செய்தியையும் மங்கச் செய்கிறது. பஸ்ஸில் பாட்டு அலறும்போது பக்கத்து இருக்கைப் பேச்சு காதில் விழாது அல்லவா? அப்படித்தான்.

ஹவாயில் நடந்து 2013இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், வலி தொடங்கியதும் கழுத்தின் முன்பக்கத்தில் குளிர்பட்டை கட்டியவர்களுக்கு அரை மணி நேரத்தில் வலி குறைந்தது. நெற்றியில் அல்ல, இரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகே ஓடும் கழுத்தில்!

கல்லடியில் என் அக்கா பழைய சாரத்துண்டில் ஐஸ்கட்டிகளைச் சுற்றி, பதினைந்து நிமிடம் கழுத்தில் வைத்துக்கொள்வார். ஐஸ் நேரடியாகத் தோலில் பட்டால் தோல் கன்றும். சித்திரை வெயிலில் வலி கிளம்பினால் முதலில் ஜன்னலைச் சாத்திவிடுவார். கண்ணிலிருந்து வரும் ஒளிச்செய்தி மூளையில் வலி நரம்புகளையும் தூண்டுவதால் இருட்டு உதவுகிறது.

பிடரி இறுகி, தலையைச் சுற்றிப் பட்டி கட்டியதுபோல் வலித்தால் அது வேறு வகை. அதற்குச் சூடு இதம். மென்மையாகப் பிடித்துவிடுவதற்கு ஆதாரம் குறைவு, ஆனாலும் சுகம்தான். திடீரென வெடிப்பதுபோன்ற வலி, வாய்க்கோணல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் ஒத்தடம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஐஸ் வைத்தால் தலையில் நீர் கோர்க்கும் என்பார்கள். தோலின் குளிர் மண்டைக்குள் நீரைச் சேர்ப்பதில்லை.