பாத்ரூம் தண்ணீர் படுக்கையறைக்கு வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. ஷவருக்குப் பின்பக்கத்துப் படுக்கையறைச் சுவரில், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பிக் கொட்டுகிறது. பாத்ரூம் டைல்ஸைத் தட்டினால் சில இடங்களில் பொள்ளல் சத்தம். பைப் வெடித்திருக்கும், சுவரை உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். உடைக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

இப்போது வேண்டாம். பைப்பா, தரையா, சுவர் டைல்ஸா என்று தெரிந்த பிறகு உடைக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

முதலில் படுக்கையறைச் சுவரில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். ஒரு வாரம் அந்த பாத்ரூமில் யாரும் குளிக்கக் கூடாது. ஆனால் தண்ணீர் வால்வைப் பூட்ட வேண்டாம், பைப்புக்குள் அழுத்தம் இருக்கட்டும். குளிக்காமலே ஈரம் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பிளம்பர் சொன்னது சரி, தண்ணீர் வரும் பைப்தான். கோட்டுக்குள் சுருங்கினால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் அந்தப் பைப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

சுருங்கினால் அடுத்தது தரை. வடிகால் வாயை ஈரத்துணியால் இறுக அடைத்து, வாசலில் துணியால் அணை கட்டி, ஒரு அங்குலம் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். மட்டத்தையும் டைலில் குறித்து வையுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் குறைவது ஆவியாவது. அதற்கு மேல் குறைந்தாலோ, அந்தப் பக்கம் ஈரம் கூடினாலோ தரையில் குறை. அது சரியாக இருந்தால் இரண்டு நாள் விட்டு, கைஷவரால் சுவர் டைல்ஸில் மட்டும் இருபது நிமிடம் தண்ணீர் அடியுங்கள். கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே போங்கள், வடிகால் திறந்தே இருக்கட்டும். அதற்குப் பிறகு ஈரம் கூடினால் வழி பெரும்பாலும் சுவர் இடுக்குகள்தான். ஷவர் குழாயும் மிக்சரும் சுவருக்குள் போகும் இடத்தில் உள்ள வட்டத் தகட்டையும் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் ஓட்டை திறந்தே கிடப்பது வழக்கம். அது மட்டும்தான் வழி என்றால், அடைக்க ஒரு டியூப் சிலிக்கன் போதும்.

தண்ணீர் படுவது ஐந்தடி உயரத்தில், கறை ஏன் கீழே? பொள்ளல் டைலுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. டைல் இடுக்குகளில் வெடித்த கிரவுட் வழியே உள்ளே போகும் தண்ணீர் அந்த வெற்றிடங்களில் இறங்கி, தரையும் சுவரும் சேரும் மூலையில் தேங்குகிறது. பாத்ரூமுக்கும் அறைக்கும் இடையில் பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர்தான். தேங்கியது அதை நனைத்து மறுபக்கம் மேலேறுகிறது. பொள்ளல் மட்டும் இருந்து கிரவுட் உறுதியாக இருந்தால் கசிவு குறைவு; இரண்டும் சேர்ந்தால்தான் பெரிய வினை.

அறைப் பக்கம் நல்ல வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் போதாதா?
– தெஹிவளை

போதாது. பின்னாலிருந்து வரும் தண்ணீர் அதையும் உரித்துத் தள்ளும்.

தள்ளுபடியில் இரண்டடிக்கு இரண்டடி போர்சலின் டைல்ஸ் வாங்கினேன். மேசன் பாஸ் சீமெந்துக் கரைசலில்தான் ஒட்டினார், இடுக்கும் விடவில்லை. ஒரு வருடத்தில் பாதி பொள்ளல். டைல் தரமில்லை என்று கடையில் சண்டை பிடிக்கலாமா?
– கொட்டாஞ்சேனை

சண்டை பிடித்து என்ன செய்வது தம்பி? டைல் நல்லது, ஒட்டியதுதான் குற்றம். வாங்கும்போது பெட்டியைத் திருப்பி வாசித்திருந்தால் ஒட்டும் பசையும் அப்போதே வாங்கியிருப்பீர்கள்.

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு வாரம் இதே கடிதம் வருகிறது. பழைய செராமிக் சுவர் டைலின் முதுகு தண்ணீரை உறிஞ்சும். அதனால் நனைத்து, சீமெந்துக் கரைசல் பூசி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். போர்சலின் தன் எடையில் அரை வீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. கரைசலுக்குப் பிடி கிடைப்பதில்லை. காய்ந்து சுருங்கியதும் விட்டுவிடுகிறது. அதற்குப் பொலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும், பையில் C2 என்று போட்டிருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு கட்டி வைத்து அமுக்குவது வேலை அல்ல, அது வெற்றிடம் கட்டுவது. பற்கரண்டியால் சுவர் முழுவதும் ஒரே திசையில் வரி இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பூசி அமுக்க வேண்டும். குளிக்கும் இடத்தில் முதுகின் 95 வீதமாவது பசை பிடிக்க வேண்டும். நம்பிக்கையில்லை என்றால், ஒட்டிய உடனே ஒரு டைலைக் கழற்றச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முகம் சுளிக்கிற பாஸுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

இடுக்கில்லாமல் ஒட்டினால் கிரவுட் உள்ளே இறங்காது, மேலே பூசினது போல நின்று வெடிக்கும். குறைந்தது இரண்டு மில்லிமீற்றராவது விட வேண்டும். சரியாக நிரப்பினாலும் கிரவுட் தண்ணீரைத் தடுக்கும் பொருள் அல்ல. தடுப்பது டைலுக்குப் பின்னால் உள்ள வாட்டர்புரூஃப் பூச்சு. அது இல்லாத சுவரில் எத்தனை தரம் கிரவுட் போட்டாலும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

உங்களுக்குள்ள வழி, ஷவர் மூலையை மட்டும் கழற்றிச் செய்வது. ஒவ்வொன்றும் மூன்றடி அகல, ஆறடி உயரச் சுவர் இரண்டும், மூன்றுக்கு மூன்றடித் தரையும் என்றால் 45 சதுர அடி, அதாவது சுமார் 4.2 சதுர மீற்றர். பொள்ளல் சாந்தைத் தட்டிக் கொட்டி, மறுபடி பூசிக் காயவிடுங்கள். மூலைகளிலும் பைப் வாய்களிலும் நார்ப்பட்டி வைத்து, இரண்டு பொருள் கலக்கும் சீமெந்து வாட்டர்புரூஃப் பூச்சை இரண்டு தடவையாக, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடியுங்கள். எட்டு கிலோ அளவில் போதும். காய்ந்ததும், டைல் ஒட்டுமுன், மேலே சொன்ன 24 மணி நேரத் தரைச் சோதனையை மறக்காதீர்கள். ஒட்ட 25 கிலோப் பசை ஒரு பை.

கிரவுட் வெடித்த இடங்களில் புதிய கிரவுட்டை மேலே தடவினோம். ஒரு மாதத்தில் உதிர்ந்துவிட்டது. மூலையிலும் கிரவுட்தான் போட வேண்டுமா?
– மட்டக்குளி

பழையதைச் சுரண்டாமல் தடவினால் அப்படித்தான். டைல் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி, தூசி தட்டி, காய்ந்த பின் நிரப்புங்கள். கூடுதல் தண்ணீர் விட்டுக் குழைத்தாலும் சுருங்கி வெடிக்கும்.

மூலையில் கிரவுட் கூடாது. இரண்டு சுவரும் தரையும் தனித்தனியாக அசையும், கிரவுட் வளையாது. பூஞ்சணம் பிடிக்காத பாத்ரூம் சிலிக்கன் போடுங்கள். டியூபில் காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள். மலிவென்று நான் வாங்கிய ஒன்று இன்னமும் மூலையில் பிசுபிசுவென்று இருக்கிறது.

நான் தனியாக இருக்கிறேன். ஒருவர் டைல்ஸில் துளை போட்டுப் பசை ஏற்றினால் கசிவு நிற்கும் என்று முழுப்பணமும் வாங்கினார். கசிவு அப்படியே இருக்கிறது. தொலைபேசியை எடுக்கிறாரில்லை.
– பம்பலப்பிட்டி

அம்மா, இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. பசை ஏற்றினால் பொள்ளல் டைல் பிடிக்கலாம். அதைக் கசிவுக்கு மருந்தென்று விற்றதுதான் மோசடி.

துளைகளையும் அறைச் சுவரையும் இன்றே படம் எடுங்கள். பணம் கொடுத்ததற்கான ரசீது, வங்கித் துண்டு, குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாடு எழுத்தில், வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர்களின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழிமுறை கேட்கலாம், ஆனால் அழைப்போடு நின்றுவிடாதீர்கள். அதுவரை அந்த ஷவரைப் பாவிக்காமல், வாளியில் தண்ணீர் எடுத்து வேறு இடத்தில் குளியுங்கள். சுவர் காய மாதங்கள் ஆகும், அதற்கு முன் யாரையும் பெயின்ட் அடிக்க விட வேண்டாம். சுவரில் பூத்த வெள்ளை உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் போட்டுக் கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும்.