டேப் கருத்துவிட்டது, மீடியா கலங்கிவிட்டது

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஆட்டோகிளேவை 121 டிகிரியில் 15 நிமிடம் ஓட்டுகிறோம். டேப்பில் கருப்புக் கோடு ஒவ்வொரு முறையும் சரியாக வருகிறது. டெஸ்ட் டியூப் மீடியா நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு லிட்டர் பிளாஸ்கில் வைக்கும் மீடியா மட்டும் இரண்டாம் நாளே கலங்கிவிடுகிறது. டேப் விற்றவர் வேறு டேப் வாங்கச் சொல்கிறார். ஸ்போர் ஸ்ட்ரிப் போட்டால் கோளாறு தெரியுமா?

பதில்: டேப்பை மாற்றாதீர்கள். உங்கள் டேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதன் வேலை என்ன என்பதை விற்றவர் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டேப்பில் இருக்கும் மை, சூடான நீராவி பட்டால் நிறம் மாறும். "இந்தப் பொட்டலம் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது" என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. போய் வந்த பொட்டலமும் போகாத பொட்டலமும் மேஜையில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பொருள் அது. டேப் ஒட்டியிருப்பது பிளாஸ்கின் வெளிப்பக்கத்தில். இரண்டு லிட்டர் மீடியாவின் நடுவில் என்ன சூடு இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பதிவேட்டில் கருத்த டேப் துண்டை ஒட்டி, பக்கத்தில் "ஸ்டெரைல்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கே போனாலும் இருக்கிறது. தணிக்கைக்கு வருபவரும் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார். பிளாஸ்கின் நடுவில் எவ்வளவு சூடு இருந்தது என்று கேட்டவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆட்டோகிளேவில் கிருமியைக் கொல்வது நீராவியின் வெப்பம். அழுத்தம் கொல்வதில்லை. நீராவியை 121 டிகிரிக்குக் கொண்டுபோகத்தான் 15 பவுண்டு அழுத்தம் தேவைப்படுகிறது. அந்த நீராவி குளிர்ந்த பொருளின் மேல் பட்டதும் நீராக மாறும். மாறும்போது தன்னிடம் இருக்கும் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடும். சூடான ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம், கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் நீட்ட முடியாது இல்லையா, அதே காரணம்தான். உலர்ந்த காற்றில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலையை ஈர ஆவி 121 டிகிரியில் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

அந்தக் கால் மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. மீட்டரில் 121 வந்ததும் நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். அது அறைக்குள் இருக்கும் ஆவியின் சூடு. டெஸ்ட் டியூபில் இருக்கும் பத்து மில்லி மீடியா ஓரிரு நிமிடத்தில் அந்தச் சூட்டைப் பிடித்துவிடும். இரண்டு லிட்டர் அப்படி இல்லை. வெளியிலிருந்து கண்ணாடி வழியாகச் சூடு மெல்ல மெல்ல உள்ளே போக வேண்டும். நீங்கள் 15 நிமிடத்தில் நிறுத்தும்போது நடுப்பகுதி 121-ஐத் தொட்டே இருக்காது.

பத்து டிகிரி குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சூட்டைத் தாங்குவதில் பேர்போன ஒரு ஸ்போர், பத்து லட்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 121 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 12 நிமிடத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும், அதற்குப் பிறகு அதுவும் போய்விடும். சூடு பத்து டிகிரி குறைந்து 111 ஆனால், அதே குறைவுக்குப் பத்து மடங்கு நேரம் வேண்டும், அதாவது 20 நிமிடம். நீங்கள் தந்த 15 நிமிடம் முழுவதும் 111-லேயே போனால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். பத்து டிகிரி என்பது சின்ன விஷயம் இல்லை.

கலங்கிய பிளாஸ்கைக் கொட்டுவதற்கு முன் ஒரு சொட்டு எடுத்து கிராம் சாயம் போட்டுப் பாருங்கள். ஊதா நிறக் கோல்களாக, நடுவிலோ முனையிலோ ஸ்போரோடு தெரிந்தால், சூடு போதாமல் பிழைத்தவை அவை. உருண்டை வடிவக் கிருமிகளும் பூஞ்சையும் கலந்து தெரிந்தால், சூடு சரியாகவே இருந்து, ஆறும்போது நனைந்த பஞ்சு அடைப்பான் வழியாகக் காற்றோடு உள்ளே போனவையாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. டியூப்கள் தெளிவாக இருப்பதால் உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். ஆனாலும் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, காற்று. அறைக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறினால்தான் 15 பவுண்டுக்கு 121 டிகிரி. பாதிக் காற்று உள்ளே தங்கிவிட்டால் முள் அதே 15 பவுண்டைக் காட்டும், சூடு மட்டும் 112 அளவில் நின்றுவிடும். பிரஷர் குக்கர் மாதிரி நின்றவாக்கில் இருக்கும் ஆட்டோகிளேவ் என்றால், வால்வைத் திறந்தே வைத்து, விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக ஆவி வரத் தொடங்கிய பின்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் மூடுங்கள். அழுத்த முள்ளை மட்டும் சரிபார்த்துவிட்டு "காலிபரேஷன்" சான்றிதழ் நீட்டுகிறவரிடம், வெப்பமானியை எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கத்தரி, ஃபோர்செப்ஸ் மாதிரியான கருவிகளிலும் இதே காற்றுதான் எதிரி. துளையில்லாத ஸ்டீல் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகாது, ஆவி உள்ளே வராது. டப்பாவின் மேல் டேப் பளிச்சென்று கருத்திருக்கும். உள்ளே 121 டிகிரி உலர்ந்த காற்றுதான், அது கால் மணி நேரத்தில் ஒன்றும் செய்யாது. இறுக மூடிய காலி பாட்டிலுக்கும் இதே கதிதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் குழம்பிவிடுவீர்கள். பாட்டிலில் தண்ணீரோ மீடியாவோ இருந்தால் வெளியிலிருந்து ஆவி உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த நீரே சூடாகி ஈர வெப்பத்தைத் தந்துவிடும். அதனால்தான் மீடியாவுக்கு நேரம் முக்கியம், டப்பாவுக்குத் திறப்பு முக்கியம் என்று பிரித்துச் சொல்கிறேன். காலி பாட்டிலைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டுமா? மூடியைத் தளர்த்தி, படுக்கவைத்து வையுங்கள். கனமான காற்று வழிந்து வெளியேறும். மீடியா பாட்டிலின் மூடியையும் தளர்த்தத்தான் வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் வேறு: இறுக்கி மூடினால் வெடிக்கும்.

சரி, ஸ்போர் ஸ்ட்ரிப்புக்கு வருவோம். அது ஒரு சிறு காகிதத் துண்டு. அதில் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள், வழக்கமாக ஒரு லட்சமோ பத்து லட்சமோ, உலர்த்தி வைக்கப்பட்டிருக்கும். மேலே கணக்குப் போட்டது இந்த மாதிரி ஸ்போரை வைத்துத்தான். ஓட்டி முடித்ததும் ஸ்ட்ரிப்பை டிரிப்டிக் சோய் பிராத்தில் போட்டு ஏழு நாள் வளர்க்க வேண்டும். தெளிவாகவே இருந்தால் அந்த இடத்தில் ஸ்போர் செத்துவிட்டது என்று அர்த்தம். "அந்த இடத்தில்" என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்ட்ரிப்பைப் பிளாஸ்குகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது டேப் மாதிரியே ஆவியை நேராக வாங்கிக்கொண்டு "பாஸ்" ஆகிவிடும், உங்கள் மீடியா மறுபடியும் கலங்கும்.

கருவிப் பொட்டலத்துக்கு ஸ்ட்ரிப் சரி. இருப்பதிலேயே பெரிய பொட்டலத்தின் நடுவில் வையுங்கள். உங்கள் பிளாஸ்குக்கு வேண்டியது ஸ்ட்ரிப் இல்லை, கண்ணாடி ஆம்பூல். ஊதா நிற மீடியாவிலேயே ஸ்போர் கலந்து அடைத்து மூடியிருக்கும். அதை நூலில் கட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்கின் நட்டநடுவில் தொங்கவிடுங்கள். முதல் ஓட்டம் 15 நிமிடம், அடுத்தது 30, அதற்கடுத்தது 50, ஒவ்வொன்றுக்கும் புது ஆம்பூல். இன்குபேட்டரில் இரண்டு நாளில் மஞ்சளானால் ஸ்போர் பிழைத்திருக்கிறது, ஊதாவாகவே இருந்தால் செத்துவிட்டது. 15 நிமிட ஆம்பூல் மஞ்சளாகும் என்றே எதிர்பார்க்கிறேன். இரண்டு லிட்டருக்கு 50 நிமிடம் வரை தேவைப்படலாம். அவ்வளவு நேரம் வைத்தால் சர்க்கரை உள்ள மீடியா பழுப்பாகிக் கெட்டுவிடும். ஆகவே 500 மில்லி பிளாஸ்குகளில் 300 மில்லி வீதம் பிரித்து ஊற்றி, அந்த அளவுக்கு ஆம்பூல் வைத்து நேரத்தைக் கண்டுபிடியுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

இன்குபேட்டர் 55 முதல் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். ஓர் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் எல்லா ஸ்ட்ரிப்பும் "வளர்ச்சி இல்லை" என்று பதிவாகியிருந்தது. சூடு காட்டாத கன்ட்ரோல் ஸ்ட்ரிப் எங்கே என்று கேட்டேன், அப்படி ஒன்று போடுவதே இல்லை என்றார்கள். ஆட்டோகிளேவுக்கே போகாத ஸ்ட்ரிப் ஒன்றை அவர்களுடைய இன்குபேட்டரிலேயே வைத்தோம். ஒரு வாரம் ஆகியும் பிராத் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. இன்குபேட்டர் ஓடியது 37 டிகிரியில்! அதே டியூபை 56-க்கு மாற்றினோம், மறுநாளே கலங்கியிருந்தது. இந்த பாக்டீரியா வெந்நீர் ஊற்றில் வாழும் வகை. 37-ல் அது வளராது, வளர்ந்தாலும் நாள்கணக்கில் இழுக்கும். அத்தனை மாதப் பதிவும் வெறும் காகிதம்.

அதனால் ஒவ்வொரு முறையும் அதே பேட்சிலிருந்து ஒன்றைச் சூடு காட்டாமல் வளர்த்துப் பாருங்கள். அது வளர்ந்தே ஆக வேண்டும். வளராவிட்டால் அன்றைய முடிவு எதுவும் செல்லாது. காலாவதி தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். செத்த ஸ்போர் எப்போதும் "பாஸ்" ஆகும், வாங்கியவருக்கும் சந்தோஷம், விற்றவருக்கும் சந்தோஷம். பெட்டியில் பாக்டீரியாவின் பெயரையும் படியுங்கள். பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் என்று இருந்தால் அது உலர் வெப்பத்துக்கும் எத்திலின் ஆக்சைடுக்கும் உரியது, ஆட்டோகிளேவுக்கு உதவாது.

ஆம்பூலை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். அழுத்தம் தானாகச் சுழிக்கு இறங்கட்டும், வால்வைத் திறந்து இறக்க வேண்டாம். இறங்கிய பிறகும் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு மேல் இருக்கக்கூடும், அசைத்தால் பொங்கி முகத்தில் அடிக்கும். கதவைச் சற்றே திறந்துவைத்துக் காத்திருங்கள். கண்ணாடி தொடும் சூட்டுக்கு வந்த பிறகு நூலைப் பிடித்து ஆம்பூலை வெளியே எடுங்கள்.