பொங்கல் இரவின் கூட்டமும் சரசுவின் சங்கிலியும்

கேள்வி: நான் எழுதும் நாவலில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் இரவு ஒரு முழு அத்தியாயம். வெளிநாட்டிலிருக்கும் மகன், தங்கையின் கலியாணத்துக்கென்று வாங்கிக் கொடுத்த ஐந்து பவுண் சங்கிலியைத் தாய் சரசு நுண்கடன் கட்டுவதற்காக அடைவு வைத்துவிட்டாள். மகன் நேர்த்திக்குக் காவடி எடுக்க வந்திருக்கிறான். விடிவதற்குள் அவனிடம் சொல்லிவிட நினைக்கிறாள். இடையில் கச்சான் கடை, காணாமற்போன பிள்ளை, தண்ணீர்ப் பந்தல் என்று பதினொரு சிறு காட்சிகள் வைத்திருக்கிறேன். வாசித்தவர்கள் "திருவிழா நல்லா இருக்கு, கதை நிண்டிட்டுது" என்கிறார்கள். எதை வெட்டுவது? (முள்ளியவளை வாசகர்)

பதில்: வெட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பதினொரு காட்சிகளையும் தனித்தனித் தாள்களில் எழுதி, சீட்டுக் கலைப்பதுபோலக் கலைத்து, வந்த வரிசையிலேயே வாசியுங்கள். அப்படி வாசித்தும் அத்தியாயம் கெடவில்லை என்றால், கதை நிற்பதற்கான காரணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். கச்சான் கடைக்குப் பிறகு தண்ணீர்ப் பந்தல் வந்தாலும், முன்பு வந்தாலும் சரசுவுக்கு ஒன்றுதான் என்றால், அங்கே காட்சிகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவே தவிர எதுவும் நடக்கவில்லை. ஒரு சிறு காட்சி முடியும்போது சரசுவின் நிலை சிறிதளவாவது மாறியிருக்க வேண்டும்: அவளுக்கு இருந்த நேரம் குறைந்திருக்கலாம், மறைக்க நினைத்தது கொஞ்சம் வெளிப்பட்டிருக்கலாம், மகனுக்கும் அவளுக்கும் இடையிலான தூரம் கூடியிருக்கலாம்.

உங்கள் கச்சான் கடையையே எடுத்துக்கொள்வோம். இப்போது அதில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம், வறுத்த மணலின் வாசம், சரை சுற்றும் கைவேகம் எல்லாம் இருக்கின்றன. எல்லாம் கண்ணால் பார்த்து எழுதியவை என்பது தெரிகிறது. ஆனால் கடைக்காரி யார் என்பது சரசுவைப் பாதிக்கவில்லை. அவளையே சரசுவின் கடன் குழுவைச் சேர்ந்தவளாக ஆக்கிவிடுங்கள். குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து பொறுக்க வேண்டும் என்பதால், யார் எதை விற்றுக் கட்டினாள், எதை அடைவு வைத்துக் கட்டினாள் என்பது குழுவிலுள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே ஊரில் சங்கிலியின் கதை தெரிந்த ஒருத்தி, மகன் நிற்கும்போது, கையில் சரையோடு எதிரே இருக்கிறாள். அவள் கெட்டவளாக இருக்கத் தேவையில்லை, அன்பானவளாக இருந்தால் இன்னும் நல்லது:

சரசு காசை நீட்டினாள். கடைக்காரி அவளுடைய கையை மெல்லத் தள்ளிவிட்டாள். "வையுங்கோ அக்கா, வெள்ளிக்கிழமைக்குத் தேவைப்படும்." மகன் சரையைப் பிரிக்காமல் நின்றான். "வெள்ளிக்கிழமை என்னம்மா?" "ஒண்டுமில்லைத் தம்பி, நீ வா."

வாசம், வெளிச்சம், கைவேகம் மூன்றிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் காட்சி முடியும்போது மகனுடைய மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது, சரசுவும் ஒரு பொய் சொல்லிவிட்டாள். இனி வரும் எந்தக் காட்சியையும் இதற்கு முன்னால் நகர்த்த முடியாது. கடைக்காரி கடனைப் பற்றி நேரே பேசிவிட்டால் அத்தியாயம் அங்கேயே முடிந்துவிடும் என்பதால், தவணை கட்டும் நாளை அவள் அறியாமல் சொல்லிவிடும் 'வெள்ளிக்கிழமை' என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்துங்கள்.

காணாமற்போன பிள்ளையை நீங்கள் ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிட்டீர்கள். அதை மூன்றாகப் பிரிக்கலாம். முதலில், தும்பு முட்டாஸோடு தனியே நிற்கும் சிவப்புச் சட்டைக்காரப் பிள்ளையைச் சரசு பார்க்கிறாள். மகனுடைய காவடி நெருங்குவதால், பக்கத்தில் ஆரும் இருப்பினம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கடந்துபோகிறாள். இதற்கு இரண்டு வாக்கியம் போதும். பிறகு, மகனுக்குச் செடில் கழற்றும் இடத்தில் அவள் நிற்கும்போது, ஒலிபெருக்கியில் அதே சிவப்புச் சட்டையைச் சொல்லி அறிவிக்கிறார்கள். மூன்றாவதாக, மகன் களைத்து மரத்தடியில் தனியே அமர்ந்திருக்கும் நேரத்தில், இரவு முழுவதும் அவள் காத்திருந்த அந்த நேரத்தில், பிள்ளை மறுபடியும் அவள் கண்ணில் படுகிறது. இம்முறை அதை விட்டுப்போக அவளால் முடியாது. அறிவிப்பு நடக்கும் இடத்தில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வரும்போது மகனைச் சுற்றி உறவினர் கூடிவிட்டார்கள். பிள்ளையைக் கவனித்ததற்குச் சரசு கொடுத்த விலை இதுதான். ஒலிபெருக்கி இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது: அவள் நிற்காத இடத்துச் செய்தியையும் அவளிடம் கொண்டுவருவதால், நீங்கள் பார்வையைச் சரசுவை விட்டு எடுக்காமலே கூட்டம் முழுவதையும் காட்ட முடியும்.

தண்ணீர்ப் பந்தல், பிரதட்டை செய்பவர், ஐஸ்பழக்காரன் போன்றவற்றை இப்படிக் கதையோடு பிணைக்கத் தேவையில்லை. எல்லாக் காட்சியும் சங்கிலியையே சுட்டினால், ஊரே சேர்ந்து சரசுவைச் சோதிப்பதுபோல் செயற்கையாகிவிடும். பதினொன்றில் நான்கைந்து பிணைந்தால் போதும், மற்றவை ஆளுக்கொரு வாக்கியமாக, அவள் நடந்துபோகும் வழியில் கண்ணில் படட்டும். பரப்பைத் தருவது இந்த ஒற்றை வாக்கியங்கள்தாம். இப்போது எல்லாக் காட்சிகளுக்கும் ஏறத்தாழ ஒரே நீளம் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் எதில் தங்க வேண்டும், எதைக் கடக்க வேண்டும் என்பது வாசகருக்குத் தெரியாமற்போகிறது.

சடங்கை விளக்கும் பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலாவத்தையில் கடல்நீர் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை நீங்கள் ஒன்றரைப் பக்கம் விவரிக்கிறீர்கள். வன்னி வாசகருக்கு அது தெரியும், வெளியூர் வாசகருக்கு அந்த இடத்தில் அது தேவையில்லை. அதை இந்த இரவிலிருந்து எடுத்து, ஒரு வாரம் முன்னே, தீர்த்தம் எடுக்கும் நாளில் வையுங்கள். அன்றே சரசு, "அடுத்த திங்கள் பொங்கலுக்குள் சொல்லிவிடுவேன்" என்று அம்மனிடம் நேர்ந்துகொள்ளட்டும். அப்போது சடங்கின் நாட்கணக்கே அவளுடைய தவணையாகிவிடும். பொங்கல் இரவில் விளக்கு ஒரு வரியில் தோன்றினாலே வாசகர் மனம் பதறும்.

நந்திக்கடலை நோக்கி நிற்கும் கிழவியின் காட்சியில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2009ஐ அறிந்த எவருக்கும் அந்தப் பார்வை என்னவென்று தெரியும். அது சரசுவின் சங்கிலியைவிடப் பெரிய துயரம் என்பதால் இரவு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நாவல் அதற்குத் திரும்பி வரப்போவதில்லை என்றால் அந்தக் கிழவி வெறும் அலங்காரமாகவும் ஆகிவிடுவாள். அவளுக்கென ஒரு அத்தியாயம் எழுதும் எண்ணம் இருந்தால் இங்கே ஒரு வாக்கியம் விடுங்கள். இல்லையென்றால் பதினொன்றில் முதலில் எடுக்க வேண்டியது அதுதான்.