பாசிப்பயறும் உப்புநீரும்: அறிவியல் கண்காட்சி ஸ்லைடுகளுக்கான புகைப்படங்கள் (கேள்வி பதில்)

பதில் கூறுபவர்: டர்பனில் இயற்கை அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர், மாணவர் கண்காட்சிகளில் நடுவராக இருந்தவர்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்): ஐயா, என் மகள் பாசிப்பயறு உப்புநீரில் எப்படி முளைக்கிறது என்று செய்து பார்த்திருக்கிறாள். கைப்பேசி நிறையப் படங்கள் இருக்கின்றன. எவற்றை ஸ்லைடில் வைப்பது?

பதில்: படங்களைப் பொறுக்குவதற்கு முன் கேள்வியை அளவோடு எழுதச் சொல்லுங்கள், அம்மா. "ஒரு லிட்டர் நீரில் உப்பு 0, 2, 5, 10 கிராம் என இருக்கும்போது, மூன்றாம் நாளில் 20 விதைகளில் எத்தனை முளைத்திருக்கும், வேர் எவ்வளவு நீண்டிருக்கும்?" என்று எழுதிவிட்டால், இதற்குப் பதில் சொல்லாத படங்கள் தாமாகவே விலகிவிடும். மகள் மேசைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வீட்டு ஆல்பத்துக்கு உரியது.

கேள்வி ஸ்லைடுக்கு, விதைகளைப் பரப்பிய முதல் நாளில் நான்கு தட்டுகளையும் மேலிருந்து எடுத்த ஒரே படம் போதும். செய்முறை ஸ்லைடில், சொல்லால் மட்டும் விளக்க முடியாத இடங்களைக் காட்டுங்கள். உப்பை நிறுப்பது அத்தகைய இடம். சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது என்பதால், அதில் 2 கிராமை நிறுத்தால் பிழை பெரிதாகிவிடும். அதற்குப் பதிலாக 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 500 மில்லி எடுத்து 500 மில்லி நீர் சேர்த்தால் 5 கிராம் கரைசலும், 200 மில்லியுடன் 800 மில்லி நீர் சேர்த்தால் 2 கிராம் கரைசலும் கிடைக்கும். தராசின் எண் தெளிவாகத் தெரியும் ஒரு படமும், அளவுக்குவளையில் நீர்மட்டத்தைக் கண்ணுயரத்தில் எடுத்த ஒரு படமும் இந்தச் செய்முறையை முழுதாகச் சொல்லிவிடும்.

முடிவு ஸ்லைடில் உப்பின் அளவு மேலிருந்து கீழாகவும், நாள்கள் இடமிருந்து வலமாகவும் வருமாறு பன்னிரண்டு சிறு படங்களை ஒரே அளவில் வெட்டி அடுக்குங்கள். பார்ப்பவரின் கண் ஒரு வரிசையில் நகர்ந்தால் வளர்ச்சியையும், ஒரு நிரலில் இறங்கினால் உப்பின் விளைவையும் காணும்.

கேள்வி (பீனிக்ஸ், எட்டாம் வகுப்பு மாணவன்): என்னுடைய முதல் நாள் படம் மஞ்சளாகவும் மூன்றாம் நாள் படம் நீலமாகவும் இருக்கிறது, சார். விதை நிறம் மாறிவிட்டதா?

பதில்: விதை மாறவில்லை, விளக்குதான் மாறியிருக்கிறது. ஒரு நாள் கூடத்து பல்பிலும், மின்வெட்டு வந்த நாளில் பேட்டரி விளக்கிலும் எடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். கைப்பேசி ஒவ்வொரு முறையும் தானாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய முயல்வதால் வேறுபாடு இன்னும் கூடும். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில், ஒரே நேரத்தில், இரண்டு புத்தக அடுக்குகளுக்குக் குறுக்கே கைப்பேசியை வைத்து எடு. அப்போது உயரமும் மாறாது. திரையில் தட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் குவியமும் வெளிச்சமும் அந்த நிலையிலேயே நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், ஈரமான டிஷ்யூ தாளில் பட்டு வெள்ளைத் திட்டாகி, கீழே உள்ள வேரை அது மறைத்துவிடும். ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைத் தாளின் ஓரம் தெரியட்டும், நிறம் பிசகியதா என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கேள்வி (டர்பன், பள்ளி ஆசிரியை): படமே சான்றாக இருக்கும்போது அட்டவணையும் வரைபடமும் எதற்கு? ஸ்லைடு நெரிசலாகிவிடுகிறதே.

பதில்: நெரிசலைப் பற்றிச் சொல்வது சரிதான்; ஆனால் படம் பாதிச் சான்றுதான், அம்மையாரே. விதைக்கு அடியில் வளைந்திருக்கும் வேர் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. எனவே 2 மில்லிமீட்டர் வேர் வெளிவந்தால்தான் முளைத்ததாகக் கொள்வது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, தட்டின் அருகிலேயே எண்ண வேண்டும். ஒரு மாணவியின் தட்டுகளில் மூன்றாம் நாள் எண்ணிக்கை 19, 18, 17, 11 என வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே ஒரு விதைதான் வேறுபாடு. அதை வைத்து உப்பு தடுத்தது என்று எழுத முடியாது. ஆனால் அதே தட்டுகளின் படத்தைப் பார்த்தால், எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போதே வேரின் நீளம் படிப்படியாகக் குறைவது தெரியக்கூடும். அதை எண்ணாக்க அளவுகோல் படத்துக்குள்ளேயே, விதை இருக்கும் அதே மட்டத்தில், தாளின் மேல் கிடக்க வேண்டும். தட்டின் விளிம்பில் உயரமாக வைத்தால் அது கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும். வேரின் நீளம் உண்மையைவிடக் குறைவாக வரும். ஆகவே படங்களுக்கு ஒரு ஸ்லைடும், வரைபடத்துக்கு அடுத்த ஸ்லைடும் கொடுத்தால் நெரிசல் தீரும்.

கேள்வி (டோங்காட், முதியவர்): தம்பி, என் தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடியும் மஞ்சளாகிறது. படம் அனுப்பினால் உப்பா இல்லையா என்று சொல்வீரா?

பதில்: சொல்ல முடியாது, ஐயா. வேரில் நீர் தேங்கினாலும் இரும்புச்சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும். படம் மஞ்சளைக் காட்டுமே தவிர காரணத்தைக் காட்டாது. முதலில் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: "உப்பு வேரின் உயிரணுக்களை அழித்தது" என்று படத்தின் கீழ் எழுதக் கூடாது, "10 கிராம் தட்டில் வேர் குட்டையாக இருந்தது" என்பதுவரை எழுதலாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு தந்தை): எங்கள் வீட்டில் 5 கிராம் தட்டு 10 கிராம் தட்டைவிட மோசமாக முளைத்திருக்கிறது. தாளின் ஓரத்தில் வெண்மையாக ஏதோ படிந்திருக்கிறது. அந்தப் படத்தை விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது, அதுதான் உங்கள் தொகுப்பிலேயே அதிகம் பேசும் படம். மூடாத தட்டிலிருந்து நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும்; அதனால் கரைசல் நாளுக்கு நாள் கடுமையாகி, ஓரத்தில் படிகமாகப் படிகிறது. ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த தட்டு அதுவாக இருந்தால் இந்த விளக்கம் பொருந்தும். அந்த வெண்மை பூஞ்சையாகவும் இருக்கலாம். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், உப்பானால் கரைந்துவிடும், பூஞ்சை பஞ்சிழைபோல் அப்படியே நிற்கும். பூஞ்சை என்றால் முகத்தருகே கொண்டுபோகாமல் பையில் கட்டிவிடுங்கள். முதல் நாள் படத்தையும் எடுத்துப் பாருங்கள், பெயர்ச்சீட்டு மூடியில் ஒட்டப்பட்டிருந்தால் மூடிகள் இடம் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. எது காரணம் என்பதை, எல்லாத் தட்டுகளையும் மூடி மறுபடி செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். நேரம் இல்லையென்றால் சந்தேகத்தையே ஸ்லைடில் எழுதுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் தாய், மீண்டும்): வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய படங்கள் மங்கலாக இருக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் குற்றமாகுமா?

பதில்: மங்கலுக்குக் காரணம் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதுதான், ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை நடுவர்களிடையே ஒரே கருத்து இல்லை. பன்னிரண்டு படங்களுக்கும் ஒரே அளவு கூட்டி, அதைப் படக்குறிப்பில் எழுதினால் நான் ஏற்பேன். என்னோடு அமர்ந்த ஒருவர் எந்தத் திருத்தமும் கூடாது என்பார், அவரிடம் காட்ட மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.