தவறான ஆட்ஸில் கட்டிய பந்தயம்: புக்மேக்கர் எப்போது பின்வாங்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். ஒரு ஃபுட்பால் மேட்சில் 11.0 ஆட்ஸ் காட்டினார்கள், 20 பவுண்டு கட்டி ஜெயித்தேன். இப்போது 'பால்பபிள் எரர்', அதாவது பார்த்தவுடன் தெரியும் பிழை என்று சொல்லி 25 பவுண்டுதான் தருகிறார்கள். தப்பு அவர்களுடையது, நஷ்டம் எனக்கா?

பதில்:

உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் 25 பவுண்டு என்ற தொகையைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 20 பவுண்டுக்கு 1.25 ஆட்ஸ் என்றால் 25. ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணிக்கு 1.25, எதிரணிக்கு 11.0 என்று இருந்து, இரண்டும் இடம் மாறி ஏறியிருக்க வேண்டும். பால்பபிள் எரர் விதிக்கு இது பாடப்புத்தக உதாரணம்.

2005 சூதாட்டச் சட்டத்தின்படி, 2007 செப்டம்பர் முதல் பிரிட்டனில் பந்தயம் சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். இந்த விதியோ சட்டத்தில் இல்லை, நிறுவனத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது. பெரும்பாலும் பந்தயத்தை முழுக்க ரத்து செய்யாமல், பந்தயம் கட்டிய நேரத்தில் இருந்த சரியான ஆட்ஸில் கணக்கு முடிப்பார்கள்.

தப்பு யாருடையது என்பதை விட, அது பார்த்தவுடன் தெரியக்கூடிய தப்பா என்பதுதான் இங்கே முக்கியம். மற்றவர்கள் 1.85 கொடுக்கும்போது இவர்கள் 2.10 கொடுத்திருந்தால் அது தாராளமான விலை, அவ்வளவுதான். நஷ்டமானதும் அதைப் பிழை என்று சொல்லித் தப்பிக்க விடக்கூடாது. 1.25க்குப் பதில் 11.0 என்பது அந்த ரகம் இல்லை.

விதி இருந்தும் பணம் கொடுத்த சம்பவமும் உண்டு. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், அமெரிக்கன் ஃபுட்பால் அணியான டென்வர் ப்ராங்கோஸ் கடைசி நிமிடத்தில் பின்தங்கியிருந்தாலும், பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் அடிக்கும் தூரத்தில் இருந்தது. ஃபேன்டூயல் என்ற பந்தய நிறுவனத்தின் கணினி, 6 டாலருக்கு 1 டாலர் லாபம் தரும் 1-6 என்று காட்ட வேண்டிய இடத்தில் சில விநாடிகள் 750-1 என்று காட்டியது. ஒருவர் 110 டாலர் கட்டினார், டென்வர் ஜெயித்தது. சீட்டின்படி அவருக்கு 82,610 டாலர் வரவேண்டும். சரியான ஆட்ஸில் பார்த்தால் சுமார் 128 டாலர்தான். முதலில் மறுத்த நிறுவனம், செய்தி பரவியதும் முழுத்தொகையையும் கொடுத்தது. அது அவர்களாக எடுத்த முடிவு. அதைக் காட்டி நீங்கள் இங்கே உரிமை கோர முடியாது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: அதே நேரத்தில் மற்ற நிறுவனங்களில் அந்த அணிக்கு என்ன ஆட்ஸ் இருந்தது என்று தேடுங்கள். எல்லா இடத்திலும் 1.25க்குப் பக்கத்தில் இருந்தால் முறையிட்டுப் பெரிய பலன் இருக்காது. 1.60 என்று இருந்தால் 20 பவுண்டுக்கு 32 வரவேண்டும், மீதி 7 பவுண்டைத் தாராளமாகக் கேட்கலாம். மேட்ச் தொடங்கும் முன்பே பிழையைக் கண்டுபிடித்தும் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். அப்படி இருந்தால் உங்கள் தரப்பு பலமாகும். ஏனென்றால் நீங்கள் தோற்றிருந்தால் அந்த 20 பவுண்டை அவர்கள் திருப்பித் தந்திருப்பார்களா என்ற கேள்வி எழும்.

நிறுவனம் தன் இறுதிப் பதிலைத் தந்த பிறகு, அல்லது 8 வாரம் கடந்த பிறகு, ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்புக்குப் போகலாம். உங்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆட்ஸ் தெரியும் ஸ்க்ரீன்ஷாட்டையும் பந்தயம் கட்டிய நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.